மொத்தக் கடையில் கெடு நீட்டிக் கேட்டு எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதினேன். இப்போது சின்ன மளிகைக் கடைகளுக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால், "அண்ணாச்சிகிட்ட நாள் கூட்டிக் கேக்கணும், ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்று வருகிறவர்கள் அதிகம். கடனுக்கு எடுத்த சரக்குக்குப் பணம் கட்ட மொத்த வியாபாரியான அண்ணாச்சி கொடுக்கும் நாள்கணக்குதான் கெடு. அவர்கள் கேட்ட சந்தேகங்களையே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

வாரா வாரம் நேர்ல பாக்குற ஆளுதானே, இதுக்கு எதுக்கு லெட்டர்?

நேரில் கேட்டால் அந்த நிமிடத்தில் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். மண்டியில் நாலு பேர் நிற்கும்போது கேட்டால் "பாக்கலாம்பா" என்பார். அதற்கு ஆமாம் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை. கடிதம் என்றால் சாயங்காலம் கடை அடைத்த பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு உங்கள் பக்கத்தைப் பேரேட்டில் எடுக்கச் சொல்லுவார். முடிவு உண்மையில் அங்கேதான் நடக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் முதலாளி கடிதத்தின் முதல் நாலு வரியைத்தான் படிப்பார். மிச்சத்தைப் பேரேட்டில் படிப்பார்.

இன்னொன்று, வசூலுக்கு வருகிற பையனுக்கு அண்ணாச்சி வாயால் சொன்னது தெரியாது. பழைய கெடு 15 நாள் என்றால் பதினாறாம் நாள் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பான். கடிதத்தின் ஓரத்தில் ஒரு சம்மதக் கையெழுத்து இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. கடிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், சனிக்கிழமை வசூல் நேரம் மட்டும் வேண்டாம்.

கெடு நீட்டிக் கேக்குறதும் பாக்கிக்கு டைம் கேக்குறதும் ஒண்ணுதானே?

இல்லை. பாக்கிக்கு டைம் கேட்பது, ஏற்கெனவே கெடு வந்துவிட்ட பில்லுக்கு. அது ஒருமுறை கேட்கும் சலுகை. கெடு நீட்டுவது இனிமேல் எடுக்கப்போகும் எல்லா பில்லுக்கும், வியாபாரம் நடக்கும் வரைக்கும். முதலாவதில் "என்றைக்குக் கட்டுவான்?" என்பதுதான் அவர் யோசனை. இரண்டாவதில் "இவனிடம் என் பணம் நிரந்தரமாக எவ்வளவு நிற்கும்?" என்று யோசிப்பார். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், இரண்டாவது முதலாவதைப் போலத்தான் படிக்கப்படும். கைமுடையில் இருக்கிறான், அதனால் கெடு கேட்கிறான் என்று ஆகிவிடும்.

எத்தனை நாள் கேக்குறது? 45 கேட்டா 30-க்காவது வருவார்ல?

மாட்டுச்சந்தையில் அது சரி. இங்கே உங்கள் கணக்கிலிருந்துதான் அந்த எண் வர வேண்டும். என்னிடம் வந்த ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மண்டியில் வாரத்துக்கு 40,000 ரூபாய்க்குப் பருப்பும் எண்ணெயும் வற்றலும் எடுக்கிறார். கெடு 15 நாள். 45 கேட்க வேண்டும் என்றுதான் வந்தார்.

உட்கார்ந்து பார்த்தோம். அந்தச் சரக்கு அவர் கடையில் சராசரி 12 நாள் நிற்கிறது. விற்பனையில் பாதி ரொக்கம். மீதிப் பாதி நோட்டுக் கணக்கு. மாதம் முழுக்க வாங்கிவிட்டு அடுத்த மாதம் 5-ஆம் தேதி கட்டுகிற குடும்பங்கள். ஒன்றாம் தேதி வாங்கியதற்கு 34 நாள், முப்பதாம் தேதி வாங்கியதற்கு 5 நாள், சராசரி சுமார் 20 நாள். ஆனால் பாதி விற்பனைக்குத்தான் இந்தக் கடன் என்பதால், மொத்த வியாபாரத்தில் அது 10 நாள். ஆக 12-ம் 10-ம் 22 நாள். மூன்று நாள் தாராளமாக வைத்து 25 கேட்டால் போதும்.

22 நாள் தேவைப்படுகிறவர் 45 கேட்டால், மிச்சப் பணத்தை வேறு எங்கோ போடப் பார்க்கிறார் என்று அண்ணாச்சிக்குத் தோன்றும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

நாள் கூட்டிக் கொடுத்தா அவருக்கு என்ன நஷ்டம்? எப்படியும் பணம் வரத்தானே போகுது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கடிதம் எழுத உட்காரவே வேண்டாம் என்பேன். அதே கடைதான். வாரம் 40,000 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 5,700 ரூபாய். கெடுவில் ஒரு நாள் கூட்டினால் அண்ணாச்சியின் பணம் இன்னொரு 5,700 உங்கள் கடையில் போய் நிற்கும். பத்து நாள் கூட்டினால் 57,000. இது ஒரு பில்லோடு முடிகிற விஷயம் இல்லை. நீங்கள் சரக்கு எடுக்கும் காலம் வரைக்கும் அந்த 57,000 அவர் கைக்கு வராது.

அவர் வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடன் வைத்து 12 சதவீத வட்டி கட்டுகிறார் என்று கொள்வோம். 57,000-க்கு வருடத்துக்கு 6,840 ரூபாய் வட்டி. உங்களால் அவருக்கு வருகிற லாபம் எவ்வளவு? வருடத்துக்கு 20,80,000 ரூபாய் சரக்கு, அதில் 2 சதவீதம் நிற்கிறது என்றால் 41,600. அதில் ஆறில் ஒரு பங்கை விட்டுக்கொடு என்று கேட்கிறீர்கள். 45 நாள் கேட்டிருந்தால் முப்பது நாள் கூடுதல், 1,71,000 ரூபாய் முடக்கம், 20,500 ரூபாய் வட்டி. லாபத்தில் பாதி போய்விடும். அவர் முகம் சுளிப்பதில் என்ன ஆச்சரியம்?

வரி வேறு இருக்கிறது. எண்ணெய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மாதாமாதம் கணக்குக் காட்டுகிற மொத்த வியாபாரி, நீங்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இந்த மாத பில்லுக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கெடு நீளும்போது வரியையும் அவர் கைக்காசிலிருந்து முன்னால் போட வேண்டிய பில்கள் கூடும்.

சரி, என்ன எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்க.

அந்தக் கடைக்கு எழுதியது கீழே. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> பொருள்: கடன் கெடுவை 15 நாளிலிருந்து 25 நாளாக நீட்டித் தரக் கேட்பது
>
> மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.
>
> ஆறு ஆண்டுகளாகத் தங்களிடம் சரக்கு எடுத்து வருகிறோம். இப்போது வாரம் 40,000 ரூபாய் அளவில் பில் ஆகிறது. கடந்த ஓராண்டின் 52 பில்களில் 49-க்குக் கெடுவுக்குள் பணம் கட்டியிருக்கிறோம். தீபாவளி நேரத்தில் மூன்று பில் ஐந்து நாள் வரை தாமதமாயின. இன்றைய தேதியில் கெடு தாண்டிய பாக்கி எதுவும் இல்லை.
>
> எங்கள் விற்பனையில் பாதி மாதச் சம்பளக்காரர்களின் நோட்டுக் கணக்கு. சரக்கில் போட்ட பணம் கைக்குத் திரும்ப 22 நாள் ஆகிறது. எனவே அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எடுக்கும் பில்களுக்குக் கெடுவை 25 நாளாக வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.
>
> இந்தக் கணக்கில் நிலுவை எந்த நாளிலும் 1,60,000 ரூபாயைத் தாண்டாது. தாண்டும் நிலை வந்தால் பழைய பில்லைக் கட்டிய பிறகே புதுச் சரக்கு எடுப்போம். இதுவரை வேறு இடத்தில் எடுத்துவந்த சீனி, ரவை, மைதாவை இனி தங்களிடமே ரொக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். மாதம் 30,000 ரூபாய் அளவில் வரும்.
>
> மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தொடர்வது பற்றித் தாங்கள் முடிவு செய்யலாம். இடையில் ஒரு பில் கெடு தாண்டினாலும் பழைய 15 நாளுக்கே மாற்றிவிடச் சம்மதம்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையெழுத்து, கடை முத்திரை, தேதி)

1,60,000 எப்படி வந்தது என்று கேட்பார்கள். வாரம் ஒரு பில், 25 நாள் கெடு என்றால் ஒரே சமயத்தில் அதிகபட்சம் நான்கு பில் கட்டாமல் நிற்கும். நாலு நாற்பது 1,60,000. இந்த உச்சவரம்பை நீங்களே எழுதுவது முக்கியம். நாளை நீட்டிக் கொடுக்கிறவருக்கு உள்ளூர இருக்கும் பயம், தொகையும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் என்பதுதான்.

சீனி, மைதா சும்மா இனிப்புக்குப் போட்டது இல்லை. மாதம் 30,000 என்றால் வருடம் 3,60,000. அதே 2 சதவீதம் நின்றால் 7,200 ரூபாய். அவருக்கு ஏறுகிற வட்டி 6,840. இந்தக் கணக்கைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, அதை அவரே மனசில் போட்டுக்கொள்வார். ரொக்கத்துக்கு என்று சொன்னதை மட்டும் காப்பாற்ற வேண்டும். அதையும் கடனில் ஏற்றினால் உச்சவரம்பு முதல் மாதமே உடைந்துவிடும்.

கஷ்டத்த எழுதலாமா? வீட்டுல ஆஸ்பத்திரி செலவு, எதிர்ல சூப்பர் மார்க்கெட் வந்துருச்சு...

ஆஸ்பத்திரிச் செலவை எழுதினால் மனசு இரங்கும், கை இறுகும். கொடுத்த பணம் சரக்கில் இல்லாமல் வேறு வழியில் போகிறது என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடுமே. சூப்பர் மார்க்கெட் விஷயம் அதைவிட மோசம், விற்பனை குறைகிறது என்று பொருள். விற்பனை குறைகிற கடைக்கு யாரும் கெடு கூட்ட மாட்டார்கள், குறைப்பார்கள்.

தாமதமான மூன்று பில்லை ஏன் எழுதினீர்கள் என்று அந்தக் கடைக்காரர் என்னோடு சண்டை போட்டார். அவர் பேரேட்டில் அது இருக்கிறது. நீங்கள் மறைத்து அவர் கண்டுபிடித்தால் மற்ற 49-ம் மதிப்பிழந்துவிடும்.

அண்ணாச்சின்னு எழுதலாமா, ஐயான்னு எழுதணுமா?

நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படி. வருடக்கணக்காக அண்ணாச்சி என்றவர் திடீரென்று 'உயர்திரு ஐயா' என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். மகன் பொறுப்பில் கடை இருந்தாலும் பெரியவர் தினமும் வந்து உட்காருகிறார் என்றால் கடிதம் பெரியவர் பெயருக்கே போகட்டும். மேலே முகவரியில் மட்டும் பில்லில் உள்ள நிறுவனப் பெயரை அப்படியே எழுதுங்கள்.

ஏழு நாள்ல கட்டுனா 1 பர்சென்ட் கழிவு தர்றார். கெடு கேட்டா அது போயிடுமா?

போகும், 25 நாள் கழித்துக் கட்டுகிறவருக்கு ரொக்கக் கழிவு கிடையாது. ஆகவே கேட்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் பாருங்கள். 7-ஆம் நாள் கட்டினால் 100 ரூபாய்க்கு 99. 25-ஆம் நாள் கட்டினால் 100. பதினெட்டு நாளுக்கு ஒரு ரூபாய் வட்டி, வருடத்துக்குச் சுமார் 20 சதவீதம். நகைக்கடன் அதைவிட மலிவு.

இப்போது அந்தக் கழிவை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கிறவர் என்றால் கெடு கேட்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. வங்கியில் ஓவர்டிராஃப்ட் கிடைக்குமா என்று பாருங்கள். கழிவை வருடத்தில் இரண்டு மூன்று தடவைகூட எடுக்காதவருக்கு இழக்க ஒன்றும் இல்லை, தாராளமாகக் கேட்கலாம்.

சரிங்கிறார், ஆனா பின்தேதி செக் கேக்குறார். கொடுக்கலாமா?

கேட்பது வழக்கம்தான். தொகையும் தேதியும் எழுதி, பில் எண்ணைப் பின்னால் குறித்து, நம்பரைக் கடித நகலில் எழுதிக்கொண்டு கொடுங்கள். வெறும் கையெழுத்துப் போட்ட செக் மட்டும் வேண்டாம். "செக்யூரிட்டிக்குத்தான் கொடுத்தேன்" என்ற பேச்சு, செக்கைப் போட்ட நாளில் பாக்கி நிஜமாகவே இருந்தால் பெரும்பாலும் எடுபடாது.

பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. உங்கள் வசூல் 5-ஆம் தேதி வாக்கில் வருவதால் 3, 4-ஆம் தேதிகளில் செக் விழாதபடி தேதி கேட்டு வாங்குங்கள். அநேகம் செக் திரும்புவது அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான்.

பாக்கி இவ்வளவுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, பின்னால மாட்டிக்க மாட்டேனா?

நல்ல கேள்வி, அதில் விஷயம் இருக்கிறது. விற்ற சரக்குக்கான பணத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது காலவரையறைச் சட்டம், 1963. அந்த மூன்று வருடம் முடிவதற்கு முன்னால் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடத் தொடங்கும் என்கிறது 18-ஆம் பிரிவு. ஆக, உங்கள் கடிதம் அவருக்கு ஒரு ஆதாரம்தான்.

ஒழுங்காகக் கட்டப்போகிறவருக்கு இதில் பயம் இல்லை. ஆனால் தப்பான தொகையை ஒப்புக்கொள்ளக் கூடாது. எழுதுவதற்கு முன்னால் அவருடைய பேரேட்டு நகலை வாங்கி உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்த அளவில் வித்தியாசம் வருகிற இடங்கள் திருப்பியனுப்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் போடாதது, கழிவை வரவு வைக்காதது, ஜிபேயில் அனுப்பிய பணத்தை வேறு கடை பெயரில் ஏற்றியது. மாதிரிக் கடிதத்தில் பாக்கித் தொகையே எழுதவில்லை, "கெடு தாண்டிய பாக்கி இல்லை" என்பதோடு நிறுத்தியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

45 நாளுக்கு மேல கெடு வைக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சாமே?

சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் எவ்வளவு நாள் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் கட்ட வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி.

ஆனால் வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு திறந்துவிடப்பட்டது வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைப்பதற்கு மட்டும்தான். இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. உங்கள் அண்ணாச்சி வெறும் மண்டி என்றால் இது பொருந்தாது. சொந்தமாகப் பருப்பு மில்லோ எண்ணெய் ஆலையோ வைத்து அந்த பில்லில் சரக்கு தருகிறார் என்றால் பொருந்தலாம், பில்லில் உத்யம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது வருமான வரியிலும் பார்க்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்வார். எப்படியும் மேலே பார்த்த கணக்குப்படி 25 கேட்கிறவருக்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது.

ஏற்கெனவே ரெண்டு பில் கெடு தாண்டி நிக்குது. இப்ப எழுதலாமா?

கெடு நீட்டும் கடிதம் இப்போது வேண்டாம். அந்த இரண்டையும் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவீர்கள் என்று நாலு வரியில் எழுதிக் கொடுங்கள். அதன்படி கட்டுங்கள். அப்புறம் ஒரு ஏழெட்டு பில் கெடுவுக்குள் ஓடட்டும். பேரேட்டில் அந்த வரிசை தெரியும்போது மாதிரிக் கடிதத்தை எடுங்கள்.

கெடு கொடுத்துட்டார், ஆனா கிலோவுக்கு ஒரு ரூபா ஏத்திட்டார். பரவாயில்லையா?

கிலோ நூறு ரூபாய்ச் சரக்கில் ஒரு ரூபாய் என்றால் ஒரு சதவீதம். பத்து நாள் கூடுதலுக்கு ஒரு சதவீதம், வருட வட்டியில் 36-க்கு மேல். தொகையாகச் சொன்னால், எல்லாச் சரக்கிலும் அப்படி ஏற்றினால் வருடத்துக்கு 20,800 ரூபாய். அவருக்கு ஆகிற செலவு 6,840 என்று மேலே பார்த்தோம். கிலோவுக்கு முப்பத்தைந்து காசு என்றால் நியாயம், ஏனென்றால் அவர் வட்டி அதில் அடங்கிவிடும். இதைச் சண்டையாகக் கேட்காமல், அந்த வாரம் மற்ற இரண்டு மண்டியில் என்ன ரேட் என்று விசாரித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பருப்பு விலை தினமும் ஏறி இறங்கும், நிஜமாகவே சந்தை ஏறியிருக்கவும் கூடும்.

கெடு கிடைச்சு நாலு மாசம் ஆச்சு. மொத ரெண்டு வாரம் கையில காசு புரண்டுச்சு, இப்ப பழையபடி இறுக்கமா இருக்கு. ஏன்?

அந்த 57,000 ஒரே ஒரு தடவைதான் வரும். கெடு மாறியபோது பத்து நாளைக்கு எந்த பில்லும் கட்ட வேண்டி வரவில்லை, அந்தப் பணம்தான் புரண்டது. அதற்குப் பிறகு பழையபடி வாரம் ஒரு பில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தத் தொகை நோட்டுக் கணக்கிலும் அலமாரியிலும் நின்றிருந்தால் உங்கள் இறுக்கம் இப்போது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அது ஃப்ரிட்ஜாகவோ சீட்டுத் தவணையாகவோ மாறியிருக்கும், அல்லது நோட்டில் வசூல் தளர்ந்திருக்கும். 5-ஆம் தேதி கட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எந்தத் தேதியில் கட்டுகிறார்கள் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அண்ணாச்சி நாள் கொடுத்தது தெரிந்ததும் நாமும் வாடிக்கையாளரிடம் கேட்பதை நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிற ஒன்று.

அது உங்கள் பணம் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு பில் தவறி அவர் பழைய 15 நாளுக்கு மாற்றினால், வழக்கமான பில்லோடு சேர்த்து அந்த 57,000-த்தையும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். கடிதத்தில் அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான்.